கஃபீல் கையெழுத்தோடு வந்த ஒப்புதல்

அரபு நாட்டுத் தேராவில், ஊருக்கு கேக் அனுப்பும் இணையக் கடையில் சதக்கத்துல்லாவுக்கு வேலை. பணம் வராத ஆர்டரைத் தெரியாமல் பேக்கரிக்குச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில், எதையும் மூன்று தடவை பார்க்கிற மனுஷன்.

2009-இல் ஒரு காலை, பாண்டித்துரை என்பவர் ஒரே கேக்குக்குப் போட்ட மூன்று ஆர்டர்கள் ‘வாடிக்கையாளர் ஒப்புதலுக்காக’ என்று நின்றன. கார்டு எண் போட்டதும் பேங்க் தனிப் பக்கம் திறந்து பாஸ்வேர்ட் கேட்கும். அதைப் போடாமல் மூடினால் இப்படித்தான் நிற்கும். சதக்கத்துல்லா போன் செய்தார்.

“ஒப்புதல்தானே? நேர்லயே கொண்டாரேன்” என்று போனை வைத்துவிட்டார் பாண்டித்துரை.

மதியம் சைட் ஹெல்மெட்டோடு வந்து நின்றார். கையில் ஒரு கடிதம். அதில் கஃபீலின், அதாவது எதற்கும் சம்மதம் தரவேண்டிய விசா முதலாளியின், கையெழுத்து, கம்பெனி முத்திரை, பின்னால் பாஸ்போர்ட் நகல்.

“பாய், இன்னைக்கு என் வீட்டுக்காரிக்குப் பொறந்தநாள். சாயங்காலத்துக்குள்ள கேக் போகலேன்னா ஊர்ப்பக்கமே வராதேன்னுட்டா.”

“அண்ணே, கஃபீல் சம்மதிச்சு என்ன பண்ண? பேங்க் பக்கத்துல நீங்கதான் சம்மதிக்கணும்!”

இரண்டு ஆர்டர்களை ரத்து செய்தார். மூன்றாவதற்குப் பணம் கட்டும் பக்கத்தைப் புதிதாகத் திறந்து கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். பாண்டித்துரையோ பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாக உரக்கச் சொல்லிச் சொல்லி அடித்தார்.

“ஐயோ, எங்கிட்ட சொல்லாதீங்கண்ணே!” சதக்கத்துல்லா காதைப் பொத்திக்கொண்டார்.

பணம் வந்துவிட்டதாகத் திரை சொன்னது. மூன்று தடவை பார்த்துவிட்டு மதுரைப் பேக்கரிக்குப் போன் போட்டார்.

“கேக் கிளம்பிருச்சு. உடனே பாஸ்வேர்டை மாத்துங்கண்ணே, கடையே கேட்டிருச்சு.”

“மாத்திட்டாப் போச்சு” என்று கீபோர்டை இழுத்த பாண்டித்துரை, புதியதை இன்னும் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தார்.