தம்ஸ் அப் போட்டு வரச் சொன்னேன்

இன்ஸ்டா ரீல்ஸுக்குக் கேப்ஷன் எழுதுவதில் அப்போது எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது. திருவொற்றியூர் தேரடிப் பக்கம், ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் நடக்கும் குரூப் ஃபோர் தேர்வுக் கோச்சிங் சென்டரில் எனக்கு வேலை. பகலில் கல்லூரி, மாலையில் அங்கே வீடியோ எடுப்பது, எடிட் செய்வது, போடுவது எல்லாம் நான்தான்.

எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்த வகுப்பு ஆரம்பித்தாலும் "பதிவு செய்ய இன்றே கடைசி நாள்" என்று போடுவோம். மறுநாள் "மாணவர்கள் கேட்டுக்கொண்டதால் மூன்று நாள் நீட்டிப்பு" என்று இன்னொன்று போடுவோம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இரண்டாவது கேப்ஷனையும் முதல் நாளே எழுதி வைத்துவிடுவேன்.

இந்த முறை, சென்டரை நடத்துகிற சார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "ஞாயிறு பேட்ச்சுக்கு முப்பது சீட்டுதான். சனிக்கிழமை ஆறு மணியோட க்ளோஸ். நீட்டிப்பு கிடையாதுன்னு எழுது."

டெமோ வகுப்பு நன்றாக வந்தது. பேசின் பிரிட்ஜில் நிற்கிற கூட்ஸ் வண்டியை வைத்து சார் ரயில் கணக்கு நடத்தினார். முதல் வரிசையில் ஒரு அக்கா. மணலியில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை, வயது முப்பதுக்கு மேல் இருக்கும். சார் கேட்டு முடிக்கும் முன்பே விடையைச் சொல்லிவிட்டு, சொன்னதற்கு வெட்கப்பட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அந்த நாலு விநாடியை ரீல்ஸின் தொடக்கத்தில் வைத்தேன்.

கேப்ஷனின் முதல் வரி: "ரயில் கணக்கு இவ்ளோ ஈஸியா?" அதற்குக் கீழே வகுப்பு விவரம், ஹேஷ்டேக். எல்லாவற்றுக்கும் கடைசியில்: "சனி மாலை 6 மணி வரை. நேரில் வந்து பதியவும். நீட்டிப்பு இல்லை." 'மேலும்' என்பதை அழுத்தினால்தான் அது தெரியும். முதல் வரியில் தேதியைப் போட்டால் ஆட்கள் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள் என்பது என் கணக்கு.

போட்ட முதல் ஒரு மணி நேரத்தில் கமென்ட்டுக்கெல்லாம் பதில் போட்டால் வீடியோ நிறைய பேரிடம் போகும் என்று நம்பினேன். படிக்காமலே வரிசையாகத் தம்ஸ் அப் தட்டிக்கொண்டு போனேன்.

சனிக்கிழமை ஐந்தரைக்கே முப்பதும் நிரம்பிவிட்டது. ஆறு பத்துக்கு வந்த ஒரு பெண்ணை, பக்கத்துத் தெருதான், சார் திருப்பி அனுப்பினார்.

ஞாயிறு காலை, அந்த அக்கா மார்க் ஷீட் ஜெராக்ஸும் ரெண்டு போட்டோவுமாக மாடியேறி வந்தார்.

"நேத்தே முடிஞ்சிடுச்சுக்கா" என்றேன்.

"இன்னா தம்பி வெளாடுறியா? உங்க கடைசி நாளு என்னிக்கு கடைசி நாளா இருந்துகீது? நேத்து வரைக்கும் எனக்கு டே ஷிஃப்ட்டு. அதான் உன்னாண்ட கேட்டேனே." போனை நீட்டினார். "ஞாயித்துக்கெழம வந்து சேரலாமா?" என்று அவர் கமென்ட். அதற்கு அடியில் என் தம்ஸ் அப்.

அதை வாங்கிக்கொண்டு சாரிடம் ஓடினேன். காட்டினேன். அவர் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார்.

"நேத்து அந்தப் பொண்ண அனுப்பிட்டேன். இப்ப இவங்கள உக்கார வச்சா, அது நாளைக்கு வந்து நிக்கும். என்ன சொல்றது? அடுத்த பேட்ச் வரச் சொல்லு."

"அடுத்தது வீக்டேஸ் சார். அவங்களால முடியாது. ஞாயிறு ஒண்ணுதான் அவங்களுக்கு லீவு."

"படிக்காம தம்ஸ் அப் போட்டது நீ" என்றார். உள்ளே போய்ப் பாடத்தை ஆரம்பித்துவிட்டார்.

அக்கா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஜெராக்ஸைப் பையில் வைத்துக்கொண்டே, "வீடியோவுல என் மூஞ்சிய மட்டும் எட்த்துடு தம்பி. வூட்டுக்காரரு, கேன்டீன்ல கீற பொம்பளைங்க, எல்லாம் நான் சேந்துட்டேன்னு நெனச்சிகினு கீறாங்க. படிக்கப் போறதுக்கு ஞாயித்துக்கெழம லீவு எட்த்துக்கோன்னு சூப்பர்வைசர் வேற சொல்லிட்டாரு" என்றார்.

போட்ட வீடியோவில் ஒரு முகத்தை மட்டும் வெட்ட வழியில்லை. கேப்ஷனை மாற்றலாம். இல்லையென்றால் மொத்தத்தையும் தூக்க வேண்டும். அதைச் சொல்ல வாய் வராமல், "பண்ணிடறேன்க்கா" என்றேன். அவர் படியிறங்கினார். உள்ளே யாரோ விடை சொல்ல, சார் "கரெக்ட்" என்றார்.

எங்கள் இன்ஸ்டா பக்கத்தில் அதுவரை அத்தனை பேர் பார்த்த வீடியோ வேறில்லை. சாரைக் கேட்காமலே டிலீட்டை அழுத்தினேன். மாலையில் அதற்குத் திட்டு வாங்கினேன். அது வலிக்கவில்லை. அழுத்திய பிறகுதான் ஒன்று உறைத்தது: வீடியோவோடு அவர் கேட்ட கேள்வியும் போய்விட்டது, அதற்கு அடியில் நான் வரச் சொன்னதும் போய்விட்டது. இனி அவர் யாரிடமாவது, "வரச் சொன்னாங்களே" என்று சொன்னால், காட்டுவதற்கு அவரிடம் எதுவும் இல்லை.