செருப்பில் கட்டிய சிவப்புக் கயிறு

என் மாமியார் கருவாடு போடுபவர். "ஃப்ரிட்ஜ் கேக்குற கருவாடு கருவாடே இல்ல" என்பது அவர் வாக்கு. தெருவில் யாராவது ஃப்ரிட்ஜ் வாங்கினால் துக்கம் விசாரிப்பது போல எட்டிப் பார்ப்பார்.

அவரையே கவிழ்த்தது என் ரத்த அழுத்தம். டாக்டர் கருவாட்டையே விடச் சொன்னார். அத்தை காதில் 'பாதி உப்பு' என்று விழுந்தது. ஒரே ஒரு கூடைக்கு உப்பைக் குறைத்து, உள்ளே முழுக்கக் காயும் முன்பே எடுத்து, சிவப்புக் கயிறு கட்டினார்.

"இது உங்களுக்கு மாப்ளே. போனதும் ஃப்ரிட்ஜ்ல வச்சிருங்க" என்று அக்கம்பக்கம் கேட்காதபடி சொன்னார்.

மறுநாள் ஒரு மாதக் கடல் பயணம் கிளம்பும் மீன்பிடிப் படகுக்கு, ஆட்களின் சாப்பாட்டுக்காகப் பதினோரு கூடை போக வேண்டும். படகில் இருக்கும் ஐஸ் எல்லாம் பிடிக்கப்போகும் மீனுக்குத்தான், கருவாட்டுக்குக் கிடையாது. என் செருப்பு வார் அறுந்தது. கைக்குக் கிடைத்த கயிற்றால் கட்டிக்கொண்டு, இருந்த பன்னிரண்டையும் ஏற்றிவிட்டேன். என்ஜின் உறுமும்போதுதான் அத்தை என் காலில் இருந்த சிவப்புக் கயிற்றைப் பார்த்தார்.

"அடப்பாவி மாப்ளே!"

"உப்புக் கொறஞ்ச கூடை ஒண்ணு கலந்துருச்சு!" என்று புடவையை இழுத்துச் செருகிப் படகில் குதித்தார்.

"கெட்டா மோந்து பாத்தா தெரியாதாக்கா?" என்றார் படகுச் சமையல்காரர்.

"நடுக்கடல்ல தெரிஞ்சு என்ன பண்ணுவ? சிலது நாத்தமே வராம வயித்தக் கெடுக்கும். உப்பு மீன்ல இருக்குற தண்ணிய இழுத்துரும், மிச்சத்த வெயில் பாத்துக்கும். தண்ணி இல்லேன்னா கிருமி எப்படிப் பெருகும்? இதுல முள்ளு வரைக்கும் உப்பு எட்டியிருக்காது. அங்கதான் மொதல்ல அழுகும்."

மேலுக்கு எல்லாம் ஒரே விறைப்பு. அத்தைக்கோ ஜலதோஷத்தில் மூக்கு அடைப்பு. மிச்சம் நாக்குதான். கூடைக்கு ஒரு மீனை எடுத்து, முள்ளை ஒட்டிய சதையைக் கிள்ளி, நாக்கில் வைத்துத் துப்பினார்.

"உப்பு."

அடுத்தது. "உப்பு."

நான்காவதில் படகுக்காரர்களும் சேர்ந்து "உப்பு!" என்று கூவ ஆரம்பித்தார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு நான் அடுத்த கூடையை நகர்த்திக் கொடுத்தேன். ஒன்பதாவதில் அத்தை இன்னொரு கிள்ளு கிள்ளி நாக்கில் வைத்தார். கிள்ளிய இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"இதான். சப்புன்னு இருக்கு. உள்ள ஈரம்."

"இதுக்கு மட்டும் ஏன்க்கா கஞ்சத்தனம்?"

"மாப்பிள்ளைக்குப் பிரஷர்!"

துறையே அதிர்ந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். அது நேராக ஃப்ரிட்ஜுக்குப் போனது. பாலில் கருவாட்டு வாசனை அடித்ததால் மனைவி இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

ஒரு மாதம் கழித்துப் படகு திரும்பியது. கயிறு வீசுமுன்பே சமையல்காரர் கத்தினார்: "அக்கா, கடைசிக் கருவாடு வரைக்கும் சூப்பர்! நனையாமப் பாத்துக்கிட்டோம்! மாப்பிள்ளைக்குப் பிரஷர் எப்படி?"

"இறங்கிருச்சு!" என்றார் அத்தை, என்னைக் கேட்காமலே. அன்று காலைதான் ஏறியிருந்தது. ஆனாலும் நான் துறை முழுக்கக் கேட்கும்படி, "ஆமா, இறங்கிருச்சு!" என்று கத்தினேன்.