முப்பத்தைந்தை நுழைத்தபோது

சேவியர்ராஜ் சாரைப் பற்றி அந்தக் கல்லூரியில் யாரைக் கேட்டாலும் முதலில் அவருடைய லேப் மேனுவலைத்தான் சொல்வார்கள். சேலத்துக்கும் ராசிபுரத்துக்கும் நடுவே பைபாஸை ஒட்டியிருக்கும் பொறியியல் கல்லூரி அது. பதினெட்டு வருடமாகச் சேலத்திலிருந்து காலேஜ் பஸ்ஸின் முன் சீட்டில் உட்கார்ந்து போய்வருகிறார். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேபுக்கு சி மொழியில் பன்னிரண்டு புரோகிராம்கள் கொண்ட அந்த மேனுவலை, பதினோரு வருடத்துக்கு முன் ஒரே வாரத்தில் அவர் எழுதி முடித்தார். பக்கத்துக் கல்லூரிகள் இரண்டு அதை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டன. மனிதருக்குப் பெருமை பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போதுகூட, தெரிந்தவர்கள் யாராவது மாட்டினால் அந்தப் பேச்சு வந்துவிடும்.

அந்த லேபின் நடைமுறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். மேனுவலில் உள்ளதைப் பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டில் எழுதுவார்கள், மனப்பாடம் செய்வார்கள், செய்முறைத் தேர்வில் சீட்டு எடுத்து, வந்த புரோகிராமை அப்படியே அடிப்பார்கள். அவுட்புட் சாரிடமுள்ள விடைத்தாளோடு பொருந்தினால் மார்க். அந்த விடைத்தாளும் வேறெங்கிருந்தும் வந்ததல்ல, மேனுவல் புரோகிராமை ஓட்டி எடுத்ததுதான். தவறைச் சரிபார்க்கத் தவறையே காவல் வைத்த கதை என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

ராசிபுரத்து நெசவுக் குடும்பத்துப் பெண் நர்மதாவுக்கு ஏழாவது புரோகிராம் வந்தது. தன்னைத்தானே சமன்செய்துகொள்ளும் மரம். ஒவ்வொரு கணுவிலும் இடப்பக்க உயரத்துக்கும் வலப்பக்க உயரத்துக்கும் வித்தியாசம் ஒன்றைத் தாண்டக் கூடாது, தாண்டினால் சுழற்ற வேண்டும். கேள்வித்தாளில் கொடுத்திருந்த எண்கள் 50, 30, 70, 20, 40, 35. முதல் ஐந்து வரை ஒரு தொந்தரவும் இல்லை. ஐம்பது உச்சியில், இடப்பக்கம் முப்பது, வலப்பக்கம் எழுபது, முப்பதின் கீழே இருபதும் நாற்பதும். முப்பத்தைந்து போய் நாற்பதின் இடப்பக்கம் உட்கார்ந்ததும் ஐம்பதின் இடப்பக்கம் மூன்று அடுக்கு, வலப்பக்கம் ஒன்று. சமநிலை கெட்டது.

மனப்பாடத்தை நம்பாமல் தானே யோசித்து அடித்த நர்மதாவின் திரையில் உச்சியிலிருந்து வாசித்த வரிசை 40, 30, 20, 35, 50, 70 என்று வந்திருந்தது. சாரின் தாளில் 30, 20, 50, 40, 35, 70.

"தப்பும்மா. ரூட்டுல, உச்சியில முப்பது வரணும்."

"இல்லீங்க சார், நாப்பதுதானுங்க வரும். முப்பத்தஞ்சு முப்பதவிடப் பெருசு, அதனால டபுள் ரொட்டேஷன் பண்ணோணுங்க. ட்ரேஸ் போட்டுக் காட்டட்டுங்களா?"

வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் தேர்வாளர் டீயை ஊதிக்கொண்டு இவரைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் சாரைக் கெடுத்தது. அடுத்தவர் முன்னால் ஒரு பொண்ணு தன் மேனுவலைத் தப்பு என்கிறாளே!

"மேனுவல்ல இருக்கறத அடிக்கத் தெரியல, எனக்கே பாடம் எடுக்கறியா? போய் உக்காரு."

அவுட்புட்டுக்கு மார்க் இல்லை. எதிர்த்துப் பேசினாள் என்று வைவாவிலும் கையை இறுக்கிக்கொண்டார். நாற்பத்து நான்கு. பாஸாக ஐம்பது வேண்டும். மனப்பாடமாக அடித்த மற்ற பிள்ளைகள் தொண்ணூறும் தொண்ணூற்றைந்தும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஆறு மாதம் கழித்து அரியர் தேர்வு. அதே ஏழாவது புரோகிராம். நர்மதா குனிந்த தலை நிமிராமல் மேனுவலில் இருந்ததை ஒரு புள்ளி மாறாமல் அடித்தாள். 30, 20, 50, 40, 35, 70. சார் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மனம் குளிர்ந்துபோனார்.

"பாத்தியா, இப்ப சரியா வந்துச்சா?"

"ஆமாங்க சார்" என்றாள். அவருக்கு அது நல்ல நாளாகத்தான் முடிந்தது.

கடைசி வருடம் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி ஆள் எடுக்க வந்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று, படிப்பில் ஒரு முறைகூட அரியர் விழுந்திருக்கக் கூடாது. நர்மதாவின் பெயர் பட்டியலிலேயே ஏறவில்லை. சாருக்கு அது தெரியும், தெரிந்தும் பெரிதாகப் படவில்லை.

இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த பிரின்சி மேடம், பாவம், வேலை தெரியாதவர். மேனுவலை நம்பாமல் ஒவ்வொரு புரோகிராமுக்கும் போர்டில் படம் போட்டுப் பார்த்தார்.

"சார், ரூட்டுல முப்பது வச்சா இடப்பக்கம் இருபது மட்டும் ஒத்தையா நிக்குது. வலப்பக்கம் ஐம்பது, அதுக்குக் கீழ நாற்பது, அதுக்குக் கீழ முப்பத்தஞ்சு. மூணு அடுக்கு. இன்னும் ரெண்டு வித்தியாசம் இருக்கே?"

சேவியர்ராஜ் சாக்பீஸை வாங்கினார். ஐம்பதை ஒற்றைச் சுழற்சியில் வலப்பக்கம் இறக்கினால் முப்பது மேலே வருகிறது, முப்பதின் வலப்பக்கமிருந்த நாற்பது, முப்பத்தைந்தையும் தூக்கிக்கொண்டு ஐம்பதின் இடப்பக்கம் போய் ஒட்டிக்கொள்கிறது. சுமை இடம் மாறியதே தவிரக் குறையவில்லை. பிறகு இரட்டைச் சுழற்சியைப் போட்டார். முதலில் முப்பதை இடப்பக்கம் இறக்கினால் நாற்பது மேலே வருகிறது, முப்பத்தைந்து முப்பதின் வலப்பக்கம் அடங்குகிறது. அடுத்து ஐம்பதை வலப்பக்கம் இறக்கினால் உச்சியில் நாற்பது, இடத்தில் முப்பது, வலத்தில் ஐம்பது. இரண்டு பக்கமும் இரண்டே அடுக்கு. இதைத்தானே வகுப்பில் பதினெட்டு வருடமாக நடத்துகிறோம்!

மேனுவலைப் புரட்டினார். இரட்டைச் சுழற்சி அதிலும் இருந்தது, ஆனால் அதற்கு மேல் வரி இப்படி நின்றது:

if (bal > 1) return rightRotate(n);

அவசரத்தில் ஒரு நிபந்தனையை, புது எண் இடப்பக்கக் கணுவைவிடச் சிறியதா என்று பார்ப்பதை, விட்டிருக்கிறார். && key < n->left->key என்று இருந்திருக்க வேண்டும். அது இல்லாததால், இடப்பக்கம் கனத்த மரமெல்லாம் அந்த வரியிலேயே ஒற்றைச் சுழற்சியோடு திரும்பிவிடும், கீழேயுள்ள இரட்டைச் சுழற்சிக்குப் போகவே போகாது. எழுத்துப்பிழையை மட்டும் பார்க்கும் கம்பைலர் மூச்சு விடாது. ஏறுவரிசையில் வாசித்தால் இரண்டு மரமும் 20, 30, 35, 40, 50, 70 என்றுதான் தரும். பதினோரு வருடம் தெரியாமல் போனதில் வியப்பில்லை. தெரிந்து சொன்னவள் ஒருத்திதான், அவளை உட்கார வைத்துவிட்டார்.

அன்று மதியமே மேனுவலைத் திருத்தினார், துறைத்தலைவர் சின்னராஜிடம் விஷயத்தைச் சொன்னார். "பழசக் கிளறாதீங்க சார், ரிசல்ட் வந்து மூணு வருஷமாச்சு" என்று அவர் ஃபைலை மூடினார். அதுவும் உண்மைதான், விழுந்த அரியரை எந்தக் கையெழுத்தும் இனி அழிக்காது.

சனிக்கிழமை ராசிபுரம் பஸ் ஏறினார். நர்மதா ஒரு சேலைக் கடையின் மாடியில் ஆன்லைன் ஆர்டர் பார்த்துப் பார்சல் போட்டுக்கொண்டிருந்தாள். சாரைக் கண்டதும் பதறி எழுந்து நாற்காலியைத் துடைத்தாள்.

"உக்காருங்க சார். தண்ணி கொண்டாரட்டுங்களா?"

அவர் உட்காரவில்லை. "உன் மரந்தாம்மா சரி. என் மேனுவல்தான் தப்பு. உன்னைக் கெடுத்துட்டேன்" என்றார். கண் கலங்கிவிட்டது.

நர்மதா கையிலிருந்த டேப்பை மேசைமேல் வைத்தாள். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"தெரியுங்க சார். அன்னைக்கு ஊட்டுக்குப் போயி மேனுவல ஓட்டிப் பாத்தேனுங்க. அந்த மொத வரியிலயே நின்னு போவுது."

"அப்ப ரெண்டாவது தடவை தப்புன்னு தெரிஞ்சேதான் அடிச்சியா?"

"ஆமாங்க சார். பாஸாகோணுமில்லீங்களா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா!"

அவள் டேப்பை மறுபடி கையில் எடுத்தாள். கோபம் இருந்திருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"மொதத் தடவையே சொன்னேனுங்களே சார்."