நத்தார் அட்டையில் தங்கையின் இடம்

செங்கலடி ஸ்டூடியோவில் ஊராரின் படங்களை வெட்டி ஒட்டும் அஞ்சலா, தன் வீட்டு நத்தார் வாழ்த்து அட்டையையும் கணினியில் தானே செய்தாள். நடுவில் அம்மாவோடு தன்னை நிறுத்தினாள். கட்டாரிலிருந்து தங்கை டினோஷா அனுப்பிய படமோ இடுப்போடு முடிந்திருந்தது. கால் இல்லாதவளை எப்படி நிற்கவைப்பது? சந்தோஷமாக ஓரத்தில், இயேசு பாலன் குடிலுக்குப் பின்னால் செருகிவிட்டாள்.

பக்கத்திலிருந்த அம்மா, "என்னடி, புள்ளைய ஒளிச்சு வெச்சிருக்காய்? நடுவில வை" என்றாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு குடிலையும் தங்கையையும் நடுவுக்கு நகர்த்தினாள்.

"இன்னும் கொஞ்சம் பெரிசாக்கு."

பெரிதாக்கினாள்.

"இப்பதான் எல்லாரும் ஒண்டா நிக்கிறம்" என்று அம்மா திரையைத் தடவினாள்.

டினோஷாவின் தோளுக்குப் பின்னால் அஞ்சலாவின் ஒரு காது மட்டும் தெரிந்தது. அப்படியே அச்சுக்கு அனுப்பினாள்.