காலி நாற்காலியில் விழுந்த வெட்டு

மியூனிக்கில் நான் வேலை பார்த்த வீடியோ கேம் நிறுவனத்தில் என் புரோபெட்சைட் முடியச் சில வாரங்களே இருந்தன. காரணம் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பக்கூடிய காலத்துக்கு ஜெர்மன்காரர் வைத்திருக்கும் மரியாதையான பெயர் அது. எனக்கு நிரந்தர ஒப்பந்தம் கிடைக்குமா இல்லையா என்பது ஒரேயொரு காட்சியில் தொங்கியது. விளையாட்டின் நடுவே வரும் குட்டிப் படம். ஒரு வீரன் படியேறி, கதவைத் தள்ளி, உள்ளே போய், அரசனில்லாத சிம்மாசனத்தைப் பார்ப்பான். அவனை நடக்கவைப்பது வேறொருவரின் வேலை. அவனைப் பார்க்கும் கமராவை அசைப்பதும், எந்தக் கணத்தில் அடுத்த கோணத்துக்கு வெட்டுவதென்று டைம்லைனில் குறிப்பதும் என் வேலை. வெள்ளிக்கிழமை வெளியீட்டாளர்கள் பார்க்க வருவதாக இருந்தது.

என் மேலாளர் தொலைக்காட்சி விளம்பரத்திலிருந்து வந்தவர். யோகர்ட் கரண்டியிலிருந்து வழிவதை வருடக்கணக்காகப் படம் பிடித்த மனிதருக்கு சினிமாவின் ஆன்மா தெரியாமலா போகும்? தெரியும் என்று அவரே சொல்லுவார், கேட்காமலே.

வீரனின் கை கதவில் படும் அதே கணத்தில் வெட்டு விழவேண்டும். என் மென்பொருளில் ஒழுங்காக விழுந்தது. கேமுக்குள் ஏற்றி ஓடவிட்டால், கை இன்னும் காற்றில் இருக்கும்போதே கமரா உள்ளே போய்விட்டது. கடைசியில் வீரன் இன்னும் வாசலைத் தாண்டிக்கொண்டிருக்க, கமரா முன்கூட்டியே வந்துவிட்ட விருந்தாளியைப் போல சிம்மாசனத்தின் முன்னால் நின்றது.

"உங்களுக்கு நேர உணர்வு கொஞ்சம் குறைவு," என்றார் மேலாளர், மிகுந்த அன்போடு. "உங்கள் படங்களில் பாட்டு வந்து காப்பாற்றிவிடும். இங்கே அப்படி இல்லை." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒப்பந்தத்தை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

எல்லா வெட்டுகளையும் ஒரே அளவு பின்னுக்குத் தள்ளிப் பார்த்தேன். முதலாவது சரியானது. அடுத்தது கொஞ்சம் முந்தியது. அதற்கடுத்தது இன்னும் முந்தியது. பக்கத்து மேசையிலிருந்த சென்னைக்காரப் புரோகிராமர் எட்டிப் பார்த்தார். நிறுவனத்தில் நாங்கள் இருவர்தான் தமிழர். அதனால் எங்களை அண்ணன் தங்கை என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

"தள்ளி வெச்சா சரியாகாதுங்க. போகப் போக கேப் அதிகமாகுது பாருங்க. ரெண்டு கடிகாரம் ஓடுது. உங்க ஃபைல் என்ன ரேட்?"

மேலாளர் அமைத்துத் தந்த கோப்பு அது. நொடிக்கு இருபத்தைந்து ஃபிரேம். ஜெர்மன் தொலைக்காட்சியின் கணக்கு. கேம் ஓடியதோ முப்பதில். வீரனின் அசைவு நொடிக் கணக்கில் கேமுக்குள் போனது, என் வெட்டுகள் வெறும் ஃபிரேம் எண்ணாகப் போயின. எனக்கு இருபத்தைந்தாவது ஃபிரேம் என்றால் ஒரு நொடி. கேம் ஒரு நொடியை முடிக்குமுன்பே அந்த எண்ணைக் கடந்துவிடும்.

"அப்ப ஆருக்கு நேர உணர்வு இல்லையெண்டு நான் போய்ச் சொல்லட்டோ?"

"காண்ட்ராக்ட் கைக்கு வந்தப்புறம் சொல்லுங்க."

கோப்பை முப்பதுக்கு மாற்றினோம். அதோடு விடவில்லை. வீரனின் அசைவிலேயே, கை கதவில் படும் இடத்திலும் கால் வாசலைத் தாண்டும் இடத்திலும் அடையாளம் வைத்து, வெட்டுகளை எண்ணிலிருந்து அவிழ்த்து அந்த அடையாளங்களில் கட்டினோம். இனி அவன் ஓடினாலும் ஊர்ந்தாலும் வெட்டு அவனுடனே போகும். மிஞ்சியது கடைசி வெட்டு, சிம்மாசனத்துக்குப் போவது. "அது நான் என் உணர்வால் வைத்த இடம், தொடவேண்டாம்," என்றார் மேலாளர். தொடவில்லை. அது எண்ணிலேயே இருந்தது.

வியாழக்கிழமை அவருக்கு நடையில் "கனம்" போதவில்லை. வீரனை நடக்கவைப்பவரிடம் அவனை மெதுவாக்கச் சொன்னார். எனக்கு யாரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை என் வெட்டுகள் எல்லாம் கச்சிதமாக விழுந்தன. ஒருவரும் கவனிக்கவில்லை, சரியாக விழுந்த வெட்டை யார் கவனிப்பார்கள்? கடைசியாக கமரா சிம்மாசனத்துக்குத் தாவியது. வீரனைக் காணோம். வெறும் நாற்காலி. திரையில் அது இருந்துகொண்டே இருந்தது. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஒருவழியாக வீரன் வந்து சேர்ந்தான்.

"என்ன துணிச்சல்!" என்றார் வெளியீட்டாளர்களில் மூத்தவர். "அந்த வெறுமையை எங்களைப் பார்க்கவைத்தீர்களே!"

மேலாளர் அடக்கமாகத் தலை குனிந்தார். நீண்ட நாள் யோசித்து எடுத்த முடிவு என்றார்.

திங்கட்கிழமை ஒப்பந்தம் வந்தது. கையெழுத்துப் போடும்போது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. மை காயுமுன் மேலாளரிடமிருந்து முதல் வேலையும் வந்தது: "மற்ற வெட்டுகளும் அப்படியே முந்தி விழட்டும். இப்போது அவை வீரனோடு ரொம்ப ஒட்டிக்கொண்டிருக்கின்றன."

"இப்ப சொல்லலாமே?" என்றார் புரோகிராமர்.

"இனிச் சொல்லி என்ன? விடுங்கோ."

பழைய கோப்பைத் தேடி எடுத்தேன், மாற்றுவதற்கு முந்தைய அந்த இருபத்தைந்து ஃபிரேம் கோப்பை. அதில் எல்லா வெட்டுகளும் மேலாளர் கேட்டபடியே விழுந்துகொண்டிருந்தன. ஒரு வாரம் கழித்துக் கொடுத்தேன். என் நேர உணர்வு நன்றாக முன்னேறியிருப்பதாகச் சொன்னார்.