தேதி போடாத சீட்டு

உள்ளறையில் பேனா மூடி கழலும் சத்தம் கேட்டது. தட்டச்சு செய்துகொண்டிருந்த கடிகார அக்காவின் விரல்கள் அப்படியே நின்றன. அடுத்து தாள் புரள வேண்டும். பிறகு பேனா உரச வேண்டும். இரண்டும் கேட்கவில்லை. டக்கென்று மூடி திரும்பப் பொருந்தியது.

"அவ்வளவுதான். இன்னைக்கும் இல்லை" என்றாள்.

எதிர் மேசைக் கணக்கர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "மூடியைத் திறந்தாரில்ல? நேத்து அதுவும் இல்லை. முன்னேற்றம்தான் அக்கா."

அவள் அவரை முறைத்த முறைப்பில் ஒரு கட்டுக் கோப்பு எரிந்திருக்கும்.

அது குடிநீர் வழங்கும் துறையின் தலைமை அலுவலகம். உள்ளறையில் இருப்பவர் தலைமைப் பொறியாளர். எல்லாரும் பெரியவர் என்பார்கள். அவர் கையெழுத்து விழாமல் ஒரு குழாய்கூட மண்ணுக்குள் போகாது. அவருடைய செயலாளர்தான் நம் கடிகார அக்கா. சுவர்க் கடிகாரம் யாரையும் விரட்டுவதில்லை, ஆனால் நேரம் என்னவென்று எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. அப்படி நினைவூட்டுவாள் என்பதால் வந்த பெயர்.

பெரியவர் கெட்டவர் அல்ல. ஆனால் யாராவது "கையெழுத்து ஆச்சா சார்?" என்று கேட்டுவிட்டால் போதும், அந்தக் கோப்பின் ஓரத்தில் பச்சை மையில் 'பேசவும்' என்று எழுதிவிடுவார். உடனே கோப்பு மூன்று மேசை இறங்கிக் கீழே போகும். கோப்பை எழுதிய குமாஸ்தா நடுங்கிக்கொண்டு பேச வருவான். அதற்குள் எதைப் பேசவேண்டும் என்பதை அவரே மறந்திருப்பார். அவசரக்காரர்கள் எத்தனை பேர் அந்த ஒற்றைச் சொல்லில் தலைகுப்புற விழுந்திருக்கிறார்கள்.

அக்கா விழுந்ததில்லை. காலைக் கூட்டம் முடிந்து அவர் கண்ணாடியைத் துடைக்கும் நேரம் பார்த்து, கோப்பின் மேல் ஒரு சிறு சீட்டைக் குத்தி வைப்பாள். 'பள்ளித் தெரு குழாய் மாற்றம். திங்கள் பள்ளி திறக்கிறது. வெள்ளிக்குள் ஒப்புதல் கிடைத்தால் அதற்குள் தோண்டி மூடிவிடலாம். கையெழுத்து மூன்றாம் பக்கம்.' அவ்வளவுதான். 'தயவுசெய்து' கிடையாது, 'மிக அவசரம்' கிடையாது. அவர் படிப்பார், போடுவார்.

ஊருக்கெல்லாம் இப்படிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்த அந்தக் கையே, தன் கோப்புக்கு ஊமையாகிப் போனது.

அவளுக்கு ஒரே மகள். கிளை அலுவலகம் இருக்கும் ஊரில் வாழ்கிறாள். தலைப்பிள்ளை வயிற்றில். படுக்கையை விட்டு எழக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மருமகன் கப்பல் வேலையில் நடுக்கடலில். பக்கத்தில் ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. கிளை அலுவலகத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. அக்கா இடமாற்றம் கேட்டு எழுதினாள்; காரணமாக 'மகள் அங்கே இருக்கிறாள்' என்று மட்டும் குறிப்பிட்டாள். இந்த வெள்ளி மாலைக்குள் உத்தரவு வராவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

கோப்பு பெரியவர் மேசைத் தட்டில் உட்கார்ந்துகொண்டது. அதன் மேல் அவள் குத்திய சீட்டு இது: 'என் இடமாற்றம். தங்களுக்கு வசதிப்படும்போது.'

தன் காரியத்துக்குத் தானே கெடு வைப்பதா? கூச்சம், வேறொன்றுமில்லை. தினமும் காலையில் அந்தக் கோப்பை அடியிலிருந்து எடுத்து மேலே வைப்பாள். மாலையில் பார்த்தால் அது மறுபடி அடியில் கிடக்கும். கிணற்றில் போட்ட கல்லுக்காவது ஒரு சத்தம் உண்டு.

"கேட்டியாம்மா?" என்று மகள் போனில் கேட்டாள்.

"சீட்டு வச்சிருக்கேன்டி."

"சீட்டா? வாய் என்ன ஆச்சு?"

"வாயைத் திறந்தா 'பேசவும்'னு எழுதிடுவார். உனக்கு அவரைத் தெரியாது."

"ஊரார் கோப்புக்கெல்லாம் மணி அடிக்கிற. பெத்த பொண்ணு கோப்புக்கு மட்டும் உனக்கு மரியாதை வந்துடுது."

போனை வைத்த பிறகு நெடுநேரம் அவளுக்குக் கணினித் திரை தெரியவில்லை. கண்ணில் நீர் கட்டி நின்றது. துக்கமா, எரிச்சலா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. கிளை மேலாளர் ஒரு கூட்டத்துக்காக வந்தவர், முடிந்ததும் அவள் மேசையருகே வந்து உட்கார்ந்தார்.

"நாலு மணிக்கு எனக்கு வண்டிம்மா. உத்தரவு கையில கிடைச்சா நானே எடுத்துட்டுப் போயிடுவேன். தபாலை நம்பினா திங்கள்தான். உள்ள போய் நான் ஒரு வார்த்தை சொல்லட்டுமா?"

"ஐயோ வேண்டாம் சார். நீங்க சொன்னா சிபாரிசுன்னு நினைப்பார்."

"சொல்லாமலே விட்டா?"

"அதைத்தான் மூணு வாரமா செஞ்சுட்டிருக்காங்க" என்றார் கணக்கர்.

அக்கா பள்ளித் தெருக் கோப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதுவும் இன்றைக்குப் போக வேண்டியது. பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சீட்டைப் படித்தார், மூன்றாம் பக்கத்தைப் புரட்டினார், போட்டார். மூச்சுவிடும் நேரம்கூட ஆகவில்லை.

அப்போதுதான் அவளுக்குள் ஏதோ அறுந்தது.

"சார், என் கோப்பும் இந்தத் தட்டுலதான் இருக்கு."

"தெரியும்மா."

"தினமும் மேல வைக்கிறேன். தினமும் அடியில போகுது."

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். "நான்தான் அடியில வைக்கிறேன்."

"நான் ஏதாவது தப்பு செஞ்சிருந்தா..."

"நீங்க இத்தனை வருஷமா எனக்கு வைக்காத சீட்டு இல்லை. எதுலயாவது தேதி இல்லாம வச்சிருக்கீங்களா? எதுக்குன்னு காரணம் இல்லாம? இது ஒண்ணுலதான் ரெண்டும் இல்லை." அவர் அந்தச் சீட்டைக் கோப்பிலிருந்து பிடுங்கி மேசைமேல் வைத்தார். "'வசதிப்படும்போது.' உங்களுக்கே போக மனசில்லை, பொண்ணு கேட்டதுக்காக எழுதியிருக்கீங்கன்னு நினைச்சேன். கையெழுத்துப் போட்டா உங்களைத் துரத்தினது மாதிரி ஆயிடும். நீங்களே ஒருநாள் எடுத்துட்டுப் போயிடுவீங்கன்னு ஒதுக்கி வச்சேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் முட்டின. அவரை நெருக்கக்கூடாது என்று அவள் ஒதுங்க, அவளைத் துரத்தக்கூடாது என்று அவர் ஒதுங்க, நடுவில் ஒரு கர்ப்பிணிப் பெண் கூரையைப் பார்த்தபடி படுத்திருக்கிறாள். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"என் பொண்ணு தனியா படுத்திருக்கா சார். இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள உத்தரவு போகலேன்னா அந்த இடம் போயிடும். கையெழுத்து ரெண்டாம் பக்கம்."

"இதை ஏம்மா சீட்டுல எழுதலை?" பெரியவர் குரலில் இப்போது உண்மையான எரிச்சல் இருந்தது. "தேதி சொல்றது நெருக்கறது இல்லைம்மா. தேதி தெரியாமத்தான் மனுஷன் தப்பு பண்றான். இதை உங்ககிட்டதானே கத்துக்கிட்டேன்."

பேனா மூடி கழன்றது. தாள் புரண்டது. பேனா உரசியது. தன் கோப்புக்கு அந்தச் சத்தத்தை அவள் கேட்டது அன்றுதான். கையெழுத்துக்குக் கீழே பச்சை மையில் இன்னொரு வரியும் எழுதினார்: 'திங்கள் முதல் விடுவிக்கலாம்.' மாற்று ஆள் வரும்வரை நிறுத்தி வைக்க அவருக்கு உரிமை உண்டு. அவர் நிறுத்தவில்லை.

"எனக்கு இனிமே யாரும்மா தேதி போடுவா?" என்றார், அவளைப் பார்க்காமல்.

அவள் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

கணக்கர் அவள் முகத்தைப் பார்த்தார். முதன்முறையாக அவருக்குக் கிண்டல் எதுவும் தோன்றவில்லை. உத்தரவை அவரே ஓடிப்போய்ப் பதிவு செய்து, எண் போட்டு, முத்திரை குத்தி உறையில் இட்டுக் கொண்டுவந்தார். கிளை மேலாளர் அதைச் சட்டையின் உள்பையில் வைத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டார்.

"திங்கள்கிழமை வந்துடுங்க. எங்க ஆபீஸ்லயும் கையெழுத்துக்கு நிறைய கிடக்கு."

"யார் கையெழுத்து சார்?"

"என்னோடதுதான்" என்றார் அவர் வெட்கத்தோடு.

அக்கா மேசையிலிருந்து ஒரு வெற்றுச் சீட்டை எடுத்து எழுதினாள்: 'போகிற வழியில் என் மகள் வீட்டில் இந்த உத்தரவைக் காட்டிவிடவும். இன்று, ஏழு மணிக்குள். அவள் காத்திருக்கிறாள்.' கீழே முகவரியும் எழுதி நீட்டினாள்.

அவர் படித்தார், மணியைப் பார்த்தார், பையைத் தூக்கிக்கொண்டு விரைந்தார். அவருக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.