பத்துக்கு மூன்று

என் தங்கை படுக்கையை விட்டு எழாமல் கிடந்த அந்த மழைக்காலத்தில், எங்கள் வீட்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். அப்பாவின் காரணம் சோம்பல். அடுத்த தெருவிலிருந்து தினமும் வந்துபோன அத்தையின் காரணம் செல்லம். அம்மாவின் காரணம், யாரோ கண் வைத்தது. அம்மா மட்டும் தன் காரணத்தைச் சத்தமாகச் சொல்லவில்லை. அதனால் அவள் மேல் எனக்குக் கோபம் கொஞ்சம் குறைவு.

தங்கைக்குப் பன்னிரண்டு வயது. காலாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளி திறந்தபோது அவள் போகவில்லை. காய்ச்சல் இல்லை, வயிற்றுவலி இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். தட்டில் வைத்த சோறு காய்ந்துபோகும். தலை சீவி எத்தனையோ நாளாகி முடி சிக்காகிக் கிடந்தது. ஏதாவது கேட்டால் ஒரே பதில்: "மனசு வரலக்கா."

அப்பா ஆண்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார். "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் பாடம் சொல்ற எனக்கு இப்புடி ஒரு பொண்ணா?" என்று வாசல் வரை கேட்கும்படி பேசுவார். கடைசியில் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "பொங்கலுக்குள்ள ஸ்கூலுக்குப் போவணும். இல்லன்னா டி.சி. வாங்கிடுவேன். வூட்டோட கெடக்கட்டும்."

அவர் சொன்னால் செய்வார். ஒருமுறை வெளியே எடுத்துவிட்டால் அவளை மறுபடி யாரும் பள்ளிக்கு அனுப்பப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் தெருவிலேயே அப்படி நின்றுபோன பெண்கள் இருந்தார்கள்.

நான் பீங்கான் தொழில்நுட்பம் படித்துவிட்டு, எங்கள் ஊரிலேயே பீங்கான் தொழிற்பேட்டையின் சோதனைக்கூடத்தில் வேலையில் இருந்தேன். விரிசல் விட்ட கோப்பையைக் கையில் கொடுத்தால் அதைத் திட்டுகிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. மண்ணில் ஈரம் எவ்வளவு, சூளை எந்த வேகத்தில் சூடேறியது என்றுதான் பார்ப்போம். வீட்டில் அப்படி ஒரு கேள்வியைக் கேட்க ஆளே இல்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். விடுப்பு எடுத்து, அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு, தங்கையைப் பண்ருட்டி வழியாகப் புதுச்சேரி பஸ்ஸில் ஏற்றினேன்.

பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் டாக்டர் பார்த்தார். பிறகு ஒரு மேடத்திடம் அனுப்பினார். அவர் மனநல ஆலோசகர். பருத்திப் புடவை, மெல்லிய குரல். முதலில் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் தனியாகப் பேசினார். பிறகு என்னிடம் சொன்னார்:

"சாகணும்னு தோணுதான்னு நேராவே கேட்டேன். தூங்கினா எழுந்திருக்காம இருந்தா தேவலன்னு மட்டும் சொல்றா. வேற யோசனை எதுவும் இல்ல. ஆனா அப்படி ஏதாவது பேசினா, அடுத்த தேதிக்குக் காத்திருக்காம உடனே கூட்டிட்டு வந்துடுங்க. தனியா விடாதீங்க. இது சோம்பல் இல்லம்மா, மனச்சோர்வு. நோய்."

அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் அவரைக் கும்பிட்டிருப்பேன்.

மாத்திரை இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மேடம் தங்கையை உள்ளே அழைத்து, "உனக்கு என்னென்ன பிடிக்கும்?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல" என்றாள். அவர் விடவில்லை. "சரி, இப்ப வேணாம். போன வருஷம் என்ன செஞ்சுட்டிருந்த?" நான் முந்திக்கொண்டு, பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியோடு விளையாடுவாள் என்றேன்.

"ஆட்டுக்குட்டி இல்ல. இஞ்சின்" என்றாள் தங்கை, தரையைப் பார்த்துக்கொண்டே.

எங்கள் ஊர் ஜங்ஷனில் அப்போது நீராவி இஞ்சின்தான்; மாலை ரயில் நிற்கும்போது அதற்குத் தண்ணீர் பிடிப்பார்கள். யானைத் தும்பிக்கை போன்ற குழாயைத் திருப்பி வைப்பதையும், தண்ணீர் வழிவதையும் மேம்பாலத்தில் நின்று பார்ப்பது அவளுக்கு உயிர். எனக்கு அது மறந்தே போயிருந்தது.

மேடம் ஒரு தாளை எடுத்தார். "மனசு வந்ததும் செய்யலாம்னு நீ காத்திருக்க. அது வரல. எதுவும் செய்யலன்னா சந்தோஷம் தர்ற ஒண்ணும் நடக்காது. அதனால இன்னும் சோர்வு, இன்னும் படுக்கை. நாம தலைகீழா செய்வோம். மனசு வராமலே கொஞ்சூண்டு செய். மனசு பின்னாலே வரட்டும். முதல் நாளே வராது, சொல்லிட்டேன்."

அவர் சொன்னபடி திட்டம் போட்டோம். நான் பட்டியல் போடுகிறவள் என்பதால் ஸ்டேஷனையே முதல் நாள் எழுதிவிட்டேன். அவர் அதை அடித்தார். "ரொம்ப மோசமான நாள்லயும் முடியற அளவு எழுதுங்க." ஆகவே காலையில் டீயைக் கொல்லைப்படியில் வெயிலில் உட்கார்ந்து குடிப்பது. மதியம் கறிவேப்பிலைச் செடிக்கு ஒரு சொம்பு தண்ணீர். தானே ஒன்றை முடித்தோம் என்று அவளுக்குத் தோன்றுவதற்கு. மாலையில் தெருமுனை வரை என்னோடு. ஒவ்வொன்றுக்கும் நேரம் உண்டு, மனநிலைக்கு ஏற்ப அது மாறாது. செய்வதற்கு முன்பும் பின்பும் மனசு எப்படி இருக்கிறது என்று பத்துக்கு ஓர் எண் போட வேண்டும்.

கிளம்பும்போது என்னிடம் தனியாகச் சொன்னார்: "திட்டக் கூடாது, கெஞ்சக் கூடாது. செய்யலன்னா அடுத்த நாள் இன்னும் சின்னதாக்குங்க. முக்கியமா, இதை எதுக்கும் பரிசா ஆக்கிடாதீங்க. இது மருந்து."

தாளைச் சமையலறைக் கதவில் ஒட்டினேன். முதல் வாரம் முழுக்க முன்பும் ஒன்று, பின்பும் ஒன்று. சில நாள் பூஜ்யம். அத்தை பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"டீ குடிக்கிறதுக்கு டைம்டேபிளா? எங்க காலத்துல இந்த நோவெல்லாம் வரலடியம்மா. வேளைக்குச் சோறு கெடைச்சாத்தான் வரும்போல."

"உங்க காலத்துல வந்தவங்கள என்ன பண்ணீங்க அத்தை? கெணத்துல போய்ப் பார்த்தீங்களா?" என்றேன். அவர் இரண்டு நாள் வரவில்லை. அந்த இரண்டு நாளும் நல்ல நாட்கள்.

படியிலிருந்து தெருமுனை, தெருமுனையிலிருந்து கடைவீதி என்று மெதுவாகத்தான் போனோம். ஒருநாள் ஸ்டேஷன் மேம்பாலம் வரை வந்துவிட்டோம். கிளம்பும்போது "மனசு வரல" என்றாள். "வரலன்னா வேணாம், கால் மட்டும் வரட்டும்" என்றேன். இஞ்சின் தண்ணீர் பிடித்தது. கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல் மட்டும் ஆவி சீறும்போது ஒருமுறை அசைந்தது. வீட்டுக்கு வந்து, தானாகவே பென்சிலை எடுத்து எழுதினாள்: முன்பு 1. பின்பு 3.

சூளையைத் திறந்து பார்க்கும்போது ஒரு விரிசலும் இல்லாத தட்டு வந்தால் எனக்குள் என்ன நடக்குமோ அது நடந்தது. அம்மா அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்பா அன்று இரவு அந்தத் தாளைப் படித்தார். அவர் வாழ்நாள் முழுக்கப் பத்துக்கு இத்தனை என்று போட்டுக்கொண்டிருந்தவர். மறுநாள் வேலை முடிந்து நான் வந்தபோது தாளில் சிவப்புப் பென்சில் ஏறியிருந்தது. மூன்றைச் சுற்றி ஒரு வட்டம். கீழே அவருடைய அழகான கையெழுத்தில்: "கணக்கு, ஒரு மணி நேரம். முடித்தால் மட்டும் ரயில்."

தங்கை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"பத்துக்கு மூணு வாங்கினவளுக்கு ரயில் ஒரு கேடா?" என்றார் அப்பா. "நான் ஒண்ணும் போவ வேணாம்னு சொல்லல. படிச்சிட்டுப் போவட்டும்."

அது மார்க் இல்லை என்று சொன்னேன். மருந்து என்று சொன்னேன். காய்ச்சல்காரனுக்குக் கணக்குப் போட்டால்தான் மாத்திரை என்பீர்களா என்று கேட்டேன். "பேச்சுல மட்டும் படிப்பு தெரியுது" என்றார். அடுத்து வந்த நாட்களில் ரயில் இல்லை, தெருமுனை இல்லை, படியும் இல்லை. கணக்கு நோட்டு திறக்கவே இல்லை. பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. தாளில் எண் விழவில்லை.

எனக்குக் கத்தத் தெரியாது. கோபம் வந்தால் நான் வரிசையாக யோசிப்பேன். ஒரு காலை, அம்மா கலந்த காபி டம்ளரை நானே எடுத்துப்போய், அப்பா கையை நீட்டியபோது கொடுக்காமல் நின்றேன்.

"ஸ்கூலுக்குப் போயி, நாலு பீரியடு எடுத்துட்டு வாங்கப்பா. வந்து குடிக்கலாம்."

"என்ன வெளையாட்டு இது?"

"முடிச்சா மட்டும் காபி."

"ஏம்மா, காபி குடிக்கலன்னா எனக்கு எப்புடி ஓடும்? வாயத் தொறக்கவே..."

அங்கே நிறுத்திவிட்டார். அடுப்படியில் அம்மா பாத்திரம் துலக்குவதை நிறுத்தினாள்.

"இப்ப உங்களுக்குப் பத்துக்கு எத்தனைப்பா?" என்றேன். டம்ளரைப் பின்னுக்கு இழுத்ததில் காபி என் புறங்கையில் சிந்தியது. சுட்டது. நான் துடைக்கவில்லை.

அவர் டம்ளரைப் பிடுங்கிக்கொண்டார். "வாத்தியாருக்கே பாடம் எடுக்குறா" என்று அம்மாவிடம் சொன்னார். மன்னிப்பு, ஒப்புதல், எதுவும் இல்லை. ஆனால் சிவப்புப் பென்சில் அதற்குப் பிறகு அந்தக் கதவுப் பக்கம் வரவில்லை. நான் புதுத் தாள் ஒட்டினேன். அதில் மறுபடி கொல்லைப்படி, டீ, வெயில். கீழிருந்தே ஆரம்பித்தோம். இழந்த நாட்களுக்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அடுத்த முறை புதுச்சேரிக்குப் போனபோது மேடம் பள்ளியையும் அதே மாதிரி துண்டாக்கினார். முதலில் சீருடை போட்டுப் பள்ளிக் கேட் வரை போய்த் திரும்புவது. பிறகு கடைசி பீரியடு மட்டும், அதுவும் கைவேலை வகுப்பு உள்ள நாளில். பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியைக்கு அவர் எழுதிய கடிதத்தோடு நான் நின்றபோது, "அப்புடியெல்லாம் பாதியில சேத்துக்க முடியாது" என்றார் அந்த அம்மாள். பிறகு கடிதத்தின் தலைப்பில் இருந்த ஆஸ்பத்திரி முத்திரையைப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். என் தங்கையைப் பார்த்துச் சேர்க்கவில்லை, முத்திரையைப் பார்த்துச் சேர்த்தார். பரவாயில்லை என்று அன்று நினைத்தேன். இன்று பரவாயில்லை என்று தோன்றவில்லை.

பொங்கலுக்கு முந்தைய வாரம், நான் மதிய விடுப்பு எடுத்து உடன் போக, அவள் கடைசி பீரியடுக்குப் போனாள். மறுநாளும் போனாள். மூன்றாம் நாள் "முடியல" என்றாள். கேட் வரை போய்த் திரும்பினோம். அதற்கடுத்த நாள் மதியத்திலிருந்தே இருந்தாள். டி.சி. பேச்சை அப்பா எடுக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவளை அழைத்துக்கொண்டு வந்தபோது, வாசலில் அப்பா அத்தையிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் கண்டிச்சேன். டி.சி. வாங்கிடுவேன்னு ஒரு வார்த்தை வுட்டேன். பயந்து கெளம்பிட்டா பாரு. இந்தப் புள்ளைங்களுக்கு அதான் மருந்து."

"அதானே, நான் அப்பவே சொன்னேன்" என்றார் அத்தை.

சொல்ல வேண்டியவை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வந்து நின்றன. கதவில் ஒட்டிய தாள், சிவப்பு வட்டம், கணக்கு நோட்டு, காபி. முதல் வார்த்தைக்கு வாயைத் திறந்தேன்.

தங்கை என் முந்தானையை இழுத்தாள்.

"அக்கா, வுடு. மணியாவுது. இஞ்சினுக்குத் தண்ணி புடிச்சிடுவாங்க."

பையைப் படியில் போட்டுவிட்டு, நான் வருகிறேனா என்று பார்க்காமலே தெருவில் இறங்கினாள்.